கட்டைவிரலின் சாட்சி

(தாம்பரத்தில் பெற்றோரும் பள்ளி ஆசிரியர்களும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில், குழந்தை வைத்தியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



ஐப்பசி பிறந்து அடையாற்றில் நீர் பெருகத் தொடங்கிவிட்டால், முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் பெருங்களத்தூரிலும் குடியிருப்பவர்களுக்கு இரண்டு கவலைகள் சேர்ந்தே வந்துவிடுகின்றன. வாசற்படியைத் தண்ணீர் தாண்டுமோ என்பது ஒன்று. குழந்தைக்கு உடம்பு சுட்டால் அது டெங்குவாக இருக்குமோ என்பது மற்றொன்று. முதற்கவலையின் விசுவரூபத்தை 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் கண்ணாரக் கண்டோம். இரண்டாவது ஆண்டு தவறாமல் வருகிற விருந்தாளி. அதனால் இந்தப் பக்கத்தில், எழுத்தறியாத பாட்டியும்கூடப் பேரனைப் பற்றித் தொலைபேசியில் விசாரிக்கும்போது, "பிளேட்லெட்டு எவ்வளவு இருக்கு?" என்று கேட்கும் அளவுக்கு இரத்த சாஸ்திரம் வளர்ந்திருக்கிறது. நிலவேம்புக் கஷாயமும் பப்பாளி இலைச் சாறும் ஒரு பக்கம் நடக்க, தட்டணுக்களின் எண்ணிக்கை கிரிக்கெட் ஆட்டத்தின் ஓட்டக் கணக்கைப் போல மணிக்கு மணி பேசப்படுகிறது. இந்த அறிவு நல்லதே. ஆனால் இந்த அறிவின் நிழலிலேயே ஒரு குழந்தையின் நோய் பல நாள் ஒளிந்திருந்த கதையைச் சொல்லத்தான் இன்று உங்கள்முன் நிற்கிறேன்.

ஒரு முன்னுரை மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போவது ஒரே குழந்தையின் வரலாறு அன்று. எந்தக் குடும்பத்தின் அடையாளமும் வெளிப்படாதிருக்கும் பொருட்டு, இரண்டு மூன்று குழந்தைகளின் நோய்க்குறிப்புகளை ஒன்றாகப் பின்னியிருக்கிறேன்.

கார்த்திகை மாதத்தில் மழை விட்டிருந்த ஒரு மாலைப்பொழுதில், ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்றை அவளுடைய பெற்றோர் என்னிடம் அழைத்து வந்தார்கள். நான்கு நாள் காய்ச்சல் அடித்து விட்டுவிட்டது. தட்டணு 38,000 என்று பரிசோதனைச் சீட்டு சொல்லியது. முழங்காலுக்குக் கீழே நீலம் பாரித்த தழும்புகள் நாலைந்து இருந்தன. தட்டணுவோ ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும். எனினும் டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற சமயத்தில்தான் தட்டணுவும் இறங்கும் என்பதும், பின்பு சில நாட்களில் தானே ஏறிவிடும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகையால், அவர்களும் அதிகமாகப் பயப்படவில்லை, நானும் பயப்படவில்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தோம், 40,000. மூன்று வாரம் கழித்துப் பார்த்தோம், 41,000. காய்ச்சலின் சுவடே இல்லை. குழந்தை விளையாடுகிறாள், சாப்பிடுகிறாள். ஆனால் தட்டணு மட்டும் போட்ட இடத்தில் போட்டபடி கிடக்கிறது. அப்போதுதான் அந்தச் சீட்டின் மற்ற வரிகளையும் நிதானமாகப் படித்தேன். ஹீமோகுளோபின் 8.6; வெள்ளணுக்கள் 3,100. தட்டணு மட்டுமன்று, மூன்று வகை அணுக்களுமே குறைந்திருந்தன. அதற்கும் கீழே, எவருமே படிக்காத ஒரு வரியில், சிவப்பணுவின் சராசரிப் பருமன், அதாவது எம்.சி.வி., 106 என்று அச்சாகியிருந்தது. அந்த வயதுக் குழந்தைக்கு அது எண்பத்தைந்தை ஒட்டி இருக்கவேண்டும்.

இந்த இடத்தில் என் பிழையை நானே சொல்லிவிடுவது நியாயம். சிவப்பணு பருத்திருந்தால் பி-12 வைட்டமினோ ஃபோலிக் அமிலமோ குறைவு என்று எண்ணுவது வைத்தியர்களின் பழக்கம். அந்தக் குடும்பமோ முட்டையும் தொடாத சைவக் குடும்பம். ஆகவே மறு யோசனையின்றிப் பி-12 ஊசி எழுதிக்கொடுத்து, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னேன். ஒரு மாதம் வேண்டியதே இல்லை. உண்மையில் பி-12 குறைவாக இருந்தால், ஊசி போட்ட ஒரு வாரத்துக்குள்ளாகவே, மஜ்ஜையிலிருந்து புதிதாகப் புறப்பட்டு வரும் இளஞ்சிவப்பணுக்கள் இரத்தத்தில் மளமளவென்று பெருகிக் காணும். அவை பெருகவில்லையென்றால் நோய் வேறு என்று ஏழாம் நாளே தெரிந்துபோகும். நான் ஏழாம் நாள் பார்க்கவில்லை.

மாதம் கழிந்து அவர்கள் திரும்ப வந்தபோது, எண்களில் யாதொரு மாறுதலும் இல்லை. என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டே, மேசைமேலிருந்த மிட்டாய் டப்பாவைக் குழந்தையிடம் நீட்டினேன். அவள் ஒரு மிட்டாயை எடுத்தாள். எடுத்த விதத்தில்தான் என் கண் நின்றது. நீங்களும் நானும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத்தான் எதையும் கிள்ளி எடுப்போம். அவளோ ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே, கத்திரிக்கோலின் இரு அலகுகளுக்கு நடுவே துணியைக் கொடுப்பதுபோல், மிட்டாயைப் பற்றி எடுத்தாள். கையை வாங்கிப் பார்த்தேன். கட்டைவிரல் இருந்தது, ஆனால் மெலிந்து, குட்டையாய், சற்றுத் தளர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் கட்டைவிரலின் அடியில் மேடாக உப்பியிருக்கவேண்டிய சதை, தட்டையாகக் கிடந்தது.

"அவ பென்சிலையும் அப்படித்தான் டாக்டர் பிடிப்பா. டீச்சர் திட்டிக்கிட்டே இருக்காங்க" என்றாள் தாய்.

குழந்தையைச் சுவரோடு நிறுத்தி உயரம் அளந்தேன், 106 செண்டிமீட்டர். ஏழு வயதுப் பெண்ணுக்கு 120 செண்டிமீட்டரை ஒட்டி இருப்பதுதான் சராசரி. அவள் போட்டிருந்த கவுன் ஐந்து வயதில் வாங்கியதாம். "அவங்க அப்பா வழியில எல்லாரும் குட்டைதான்" என்று சமாதானமும் உடனே கிடைத்தது. வயிற்றிலும் இடுப்பிலும் பால் கலந்த காப்பியின் நிறத்தில் ஐந்தாறு திட்டுக்கள் இருந்தன. பிறவி மச்சம் என்று எண்ணி எண்ணெய் தடவி வந்திருக்கிறார்கள். கடைசியாக, "சொந்தத்திலா கல்யாணம்?" என்று கேட்டேன். தாய் கணவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "இவர் எங்கம்மாவோட கடைசித் தம்பி, டாக்டர்" என்றாள்.

குட்டையான உருவம், குறைபட்ட கட்டைவிரல், தோலில் திட்டு, பருத்த சிவப்பணு, வற்றிக்கொண்டு வரும் மஜ்ஜை என்ற இவ்வளவும் ஓரிடத்தில் கூடியிருப்பதைக் கண்டு, 1927-ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தவர் ஒருவர் உண்டு. ஸ்விட்சர்லாந்து நாட்டில், ஜூரிச் நகரத்துக் குழந்தை வைத்தியராகிய குய்டோ ஃபான்கோனி, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று சகோதரர்கள் இவ்விதம் நோயுற்றதை விவரித்தார். நமது தாம்பரத்தில் சௌரிமுத்து அவர்கள் காசநோயாளிகளுக்கென்று சானடோரியத்தைத் தொடங்கியது அதற்கு மறு ஆண்டு. ஃபான்கோனியும் பருத்த சிவப்பணுவைப் பார்த்து, பி-12 குறைவினால் பெரியவர்களுக்கு வரும் கொடிய சோகையின் சாயல் இதில் இருக்கிறதென்று எண்ணி, அந்தப் பொருள் படும்படியே இதற்குப் பெயரிட்டார். அவ்வளவு பெரிய மேதைக்கே தோன்றிய சாயல் எனக்கும் தோன்றியதில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல்! அந்நோயை இன்று 'ஃபான்கோனி சோகை' என்கிறோம்.

கட்டைவிரலுக்கும் மஜ்ஜைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். நம் உயிரணுக்களில் உள்ள டி.என்.ஏ.யை இரண்டு புரி சேர்த்து முறுக்கிய கயிறாகப் பாவித்துக்கொள்ளுங்கள். உயிரணு இரண்டாகப் பிரியும்போது இந்த இரண்டு புரிகளும் பிரிந்தாகவேண்டும். சில ரசாயனப் பொருள்கள், ஒரு முள்ளை எடுத்து இரண்டு புரிகளையும் சேர்த்துத் தைத்ததுபோல் அவற்றைப் பிணைத்துவிடுகின்றன. இத்தகைய பொருள் வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. ஆல்டிஹைடு என்னும் இனத்துப் பொருள்கள் நம் உடம்பினுள்ளேயே அன்றாட வளர்சிதை மாற்ற வேலைகளில் உண்டாகின்றன. அந்த முள்ளைப் பிடுங்கிக் கயிற்றைச் செப்பனிடுவதற்கென்றே உயிரணுவில் ஒரு வேலையாட்கள் கூட்டம் இருக்கிறது. இருபதுக்கு மேற்பட்ட மரபணுக்கள் அந்தக் கூட்டத்துக்கு ஆள் அனுப்புகின்றன. அவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதுபட்டாலும் கூட்டம் முழுவதும் வேலை செய்யாமல் நின்றுவிடும். முள் தைத்த கயிறு பிரியமாட்டாமல் அறுந்துபோகும். கயிறு அறுந்த உயிரணு மடியும். எந்த இடத்தில் உயிரணுக்கள் ஓயாமல் பிரிந்து பெருகவேண்டியிருக்கிறதோ, அங்கே நஷ்டம் அதிகம். கருப்பையில் நான்காம் வாரத்துக்கும் எட்டாம் வாரத்துக்கும் இடையே கை முளைத்து விரல் பிரியும் காலத்தில் அந்த நஷ்டம் கட்டைவிரலில் விழுகிறது. பிறந்தபின் வாழ்நாள் முழுவதும் இரத்தத்தைச் செய்துகொண்டிருக்கவேண்டிய மஜ்ஜையில் விழுகிறது. கட்டைவிரலின் நஷ்டம் பிறக்கும்போதே கண்ணுக்குத் தெரியும். மஜ்ஜையின் நஷ்டம் பெரும்பாலும் ஏழெட்டு வயதில்தான் தெரியவரும். ஆகையால் இரத்தம் வாய் திறப்பதற்கு ஏழு ஆண்டுகள் முன்னதாகவே விரல் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது.

சாட்சி எப்போதும் கிடைத்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த நோயுள்ள குழந்தைகளில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வெளிக்குறி ஏதுமின்றி, விரலும் உயரமும் குறைவற இருப்பார்கள். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் பின்னால் வரும்.

நோயை நிச்சயப்படுத்தும் பரிசோதனை கேட்க இனிமையானது. அதில் நம் நாட்டுப் பயிர் ஒன்றும் பங்கு கொள்கிறது. குழந்தையின் கையிலிருந்து ஐந்து மில்லிலிட்டர் இரத்தத்தை, உறையாதபடி ஹெப்பாரின் சேர்த்த குழாயில் எடுத்து, பனிக்கட்டியில் வைக்காமல், கூடிய வரை அன்றே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவேண்டும். அணுக்கள் உயிரோடு போய்ச் சேரவேண்டும் என்பதே அதன் மர்மம். அங்கே ராஜ்மா என்று கடையில் விற்கும் சிவப்பு அவரையிலிருந்து எடுத்த ஒரு சத்தைச் சேர்த்தால், உறங்கிக்கிடக்கும் வெள்ளணுக்கள் விழித்துக்கொண்டு பிரியத் தொடங்கும். உடல் சூட்டிலேயே மூன்று நாள் அவற்றை வளர்த்து, ஒரு பாதிக்கு மைட்டோமைசின் என்ற மருந்தையோ டை-இபாக்ஸிபியூட்டேன் என்ற ரசாயனத்தையோ சிறிதளவு சேர்ப்பார்கள். நான் சொன்ன முள் இதுதான். பிறகு அணுக்களைப் பிரியும் நடுவேளையிலேயே கட்டி நிறுத்துவதற்குக் கால்ச்சிசினோ அதன் வழிவந்த மருந்தோ சேர்க்கப்படும். கால்ச்சிசின் நமது செங்காந்தளின் விதையில் உள்ள விஷம். தாராபுரம், மூலனூர்ப் பக்கங்களில் அந்த விதைக்காகவே காந்தளைப் பயிரிடுகிறார்கள். இவ்வாறு நிறுத்திய அணுக்களைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமேற்றி, ஐம்பது அணுக்களின் குரோமோசோம்களை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். ஆரோக்கியமான அணுவில் முள் தைத்த இடமெல்லாம் செப்பமாகியிருக்கும். ஃபான்கோனி சோகையுள்ள அணுவிலோ குரோமோசோம்கள் ஒடிந்து, ஒடிந்த துண்டுகள் தவறான ஜோடியோடு ஒட்டிக்கொண்டு, கோலத்தில் புள்ளி தவறி இழை மாறியதுபோல விகாரமாய்க் காணும். இச்சோதனைக்கு ஆர்லீன் ஔர்பாக் என்ற அமெரிக்க அம்மையார் 1981-ஆம் ஆண்டில் ஒழுங்கான உருவம் கொடுத்தார்.

இதிலும் ஒரு வழுக்கல் உண்டு. சில குழந்தைகளின் வெள்ளணுக்களில் ஒரு பகுதி, இயற்கையின் தற்செயலால், பழுதைத் தானே திருத்திக்கொண்டுவிடும். அப்போது தகட்டில் நல்ல அணுவும் கெட்ட அணுவும் கலந்து காண, பரிசோதனை 'இல்லை' என்று பொய் சொல்லும். உடம்பின் லட்சணம் 'உண்டு' என்று சொல்லும்போது இரத்தம் 'இல்லை' என்றால், உடம்பையே நம்பி, தோலிலிருந்து ஓர் இணுக்கு எடுத்து மறுபடியும் சோதிக்கவேண்டும்.

நம் குழந்தையின் விஷயத்தில் அந்தச் சந்தேகம் எழவில்லை. குரோமோசோம்கள் தெளிவாக ஒடிந்தன. வயிற்று ஸ்கேனில் இடப்பக்கச் சிறுநீரகமே இல்லையென்று தெரிந்தது. அதுவும் இந்நோயின் பழகிய குறிகளுள் ஒன்றே. இனிச் செய்யவேண்டியது மஜ்ஜை மாற்று. அவளுக்குப் பதினொரு வயதில் ஓர் அண்ணன் இருந்தான். உயரம் சராசரி, விரல்கள் ஒழுங்கு, பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் பரிசு வாங்குகிறவன். அவனுடைய திசுப் பொருத்தத்தைப் பார்த்தபோது முழுமையாகப் பொருந்திவிட்டது. குடும்பத்தார் அன்றைக்குக் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துவிட்டார்கள். ஆனால் பெற்றோர் இருவரும் பழுதான மரபணுவின் ஒரு பிரதியைச் சுமப்பவர்களாகையால், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. உடன்பிறந்த ஒருவரின் திசு பொருந்தவும் நான்கில் ஒரு பங்குதான் வாய்ப்பு. பொருந்தவும் வேண்டும், நோயற்றும் இருக்கவேண்டும் என்றால், கணக்குப்படி பதினாறில் மூன்று. வெளிக்குறியே இல்லாதவர்களும் உண்டென்று சற்றுமுன் வலியுறுத்தியதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆகையால் அண்ணனுடைய இரத்தத்திலும் அந்த முள் சோதனையைச் செய்யாமல் அவன் மஜ்ஜையைத் தொடக்கூடாது என்பது விதி. செய்தார்கள். அவனுடைய குரோமோசோம்களும் ஒடிந்தன.

அந்தச் செய்தியை அந்தத் தகப்பனாரிடம் சொன்ன நாளைப் பற்றி இங்கே விவரிக்க எனக்கு மனம் இல்லை. விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். சாதாரணக் குடும்பங்களில் தந்தையின் திசு குழந்தைக்குப் பாதிதான் பொருந்தும். இங்கே தாயும் தந்தையும் ஒரே வீட்டு இரத்தம். தாயிடமிருந்து குழந்தைக்கு வந்த பாதியும் தந்தையிடமிருந்த மற்றப் பாதியும் ஒன்றாகவே அமைந்துவிட்டபடியால், தந்தையே முழுப் பொருத்தமாக வாய்த்தார். அவர் நோயைச் சுமப்பவரேயன்றி நோயாளி அல்லர். சுமப்பவர் மஜ்ஜை கொடுக்கத் தடையில்லை. அண்ணனும் தங்கையும் ஒரே திசுவினராகையால், நாளைக்கு அவனுக்கும் தேவைப்பட்டால் கொடுப்பவர் அவரே. எந்த உறவு நோயைக் கொண்டுவந்ததோ அதே உறவு மருந்தையும் கொண்டுவந்தது.

தமிழ்நாட்டில் நடக்கும் விவாகங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் இரத்த உறவுக்குள் நடப்பவை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது. மாமனுக்கு மகளைக் கொடுப்பதும் அத்தை மகனுக்குக் கொடுப்பதும் நம் சம்பிரதாயம். மரபணுவில் பழுதில்லாத குடும்பத்தில் அதனால் யாதொரு கெடுதலும் இல்லை. பழுது மறைந்திருக்கும் குடும்பத்தில், இரண்டு பிரதிகளும் ஒரே குழந்தையிடம் வந்து சேரும் வாய்ப்பு அதனால் பெருகுகிறது என்பதே உண்மை. உறவுக்குள் விவாகம் நடவாத வீடுகளிலும் இந்நோய் தோன்றக்கூடும். இந்திய நோயாளிகளிடையே பலருக்கும் பொதுவான ஒரு பழுது, வெகு காலத்துக்கு முன் வாழ்ந்த ஒரே மூதாதையிடமிருந்து இறங்கிவந்திருக்கிறது என்று மும்பையிலுள்ள ஆராய்ச்சியாளர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

பெயர் தெரிந்துகொள்வதனால் என்ன லாபம், எப்படியும் மஜ்ஜை மாற்றுத்தானே என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். பெயரில்தான் உயிர் இருக்கிறது. மஜ்ஜை வற்றிய சாதாரண நோயாளிக்கு, புதிய மஜ்ஜையை ஏற்றுவதற்குமுன் பழையதை அழிப்பதற்காக, சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தை உடல் எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் அளவில் கொடுப்பது வழக்கம். அம்மருந்தும் டி.என்.ஏ.யில் முள் தைக்கும் இனத்தைச் சேர்ந்ததே. முள்ளைப் பிடுங்கத் தெரியாத குழந்தைக்கு அந்த அளவைக் கொடுத்தால், வாயும் குடலும் வெந்து, மருந்தே எமனாகிவிடும். முற்காலத்தில் அப்படித்தான் குழந்தைகள் இறந்தார்கள். பாரீஸ் நகரத்தில் எலியான் க்ளுக்மான் என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் இக்காரணத்தைக் கண்டு, அளவைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துக் கொடுத்தபின்தான் பிழைப்பவர் தொகை பெருகியது. அதே அம்மையார் 1988-ஆம் ஆண்டில், உலகத்திலேயே முதன்முறையாக, தொப்புள்கொடி இரத்தத்தை ஒரு சிறுவனுக்கு ஏற்றினார். அச்சிறுவனின் நோயும் ஃபான்கோனி சோகையே, கொடி அவனுடைய தங்கையினுடையது. நம் மாநிலத்தில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-ஆம் ஆண்டு முதலே மஜ்ஜை மாற்று நடந்து வருகிறது; இன்று சென்னையிலும் நடக்கிறது. பொருத்தமான உறவினர் கிடைத்து, இரத்தப் புற்று தோன்றுமுன்னே செய்துவிட்டால், பத்துப் பேரில் எட்டுப் பேருக்குக் குறையாமல் பிழைக்கிறார்கள். பெயர் தெரியாமல், சாதாரண மஜ்ஜை வறட்சி என்று எண்ணிக் குதிரைச் சீரத்தில் செய்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தால், பணமும் மாதங்களும் போகுமேயன்றி, மஜ்ஜை தளிர்க்காது.

இடையில் ஓர் எச்சரிக்கை. குழந்தைக்கு இரத்தம் ஏற்றவேண்டும் என்றதும் பெரியப்பாவும் சித்தப்பாவும் தாய்மாமனும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முன்வந்து நிற்பது நம்மவர்களின் பெருந்தன்மை. மஜ்ஜை மாற்று நேரக்கூடிய குழந்தைக்கு அந்த அன்பு அபகாரமாய் முடியும். உறவினரின் இரத்தத்தை முன்கூட்டிப் பார்த்துப் பழகிய உடல், பின்னர் அவர்களுடைய மஜ்ஜையை எதிரியென்று தள்ளிவிடக்கூடும். அயலார் கொடுத்த, வெள்ளணு நீக்கிக் கதிர்வீசிய இரத்தமே அவளுக்கு ஏற்றது.

இனி வேறொரு குழந்தையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இவன் மூன்று மாதத்துக் கைக்குழந்தை. பால் குடிக்கும்போது மூச்சு வாங்குகிறது, உதடும் உள்ளங்கையும் வெள்ளைக் காகிதம்போல் வெளுத்திருக்கின்றன, ஹீமோகுளோபின் 3.8. ஆனால் வெள்ளணுவும் தட்டணுவும் குறைவின்றி இருக்கின்றன. சிவப்பணு ஒன்று மட்டும் வற்றியிருக்கிறது. தாய்ப்பால் குடிக்கும் மூன்று மாதக் குழந்தை இரும்புச் சத்துக் குறைவால் இவ்வளவு வெளிறாது. பிறக்கும்போது கொண்டுவந்த இரும்பே அதற்கு இன்னும் சில மாதம் போதும். இரத்தம் அழிவதனால் வரும் சோகையென்றால், மஜ்ஜை ஈடுகட்ட முயன்று இளஞ்சிவப்பணுக்களை வாரி இறைக்கும். இவனுக்கோ அவை அநேகமாகப் பூஜ்யம். மஜ்ஜையைத் தொட்டுப் பார்த்தால், வெள்ளணுவின் நாற்றங்கால் செழித்திருக்க, சிவப்பணுவின் பாத்தி மட்டும் வெறிச்சென்று கிடக்கும். கையை எடுத்துப் பார்த்தால், கட்டைவிரலில் இரண்டு எலும்புக்குப் பதிலாக மூன்று எலும்பு அமைந்து, அதுவும் மற்ற விரல்களைப் போலவே நீண்டிருக்கலாம்.

பாஸ்டன் நகரத்து லூயி டயமண்டும் கென்னத் பிளாக்ஃபானும் 1938-ஆம் ஆண்டில் இத்தகைய நான்கு குழந்தைகளை விவரித்தமையால், இந்நோய் அவ்விருவர் பெயரால் வழங்குகிறது. இதில் பழுது முள் பிடுங்கும் வேலையில் இல்லை; புரதங்களைச் செய்யும் ரைபோசோம் என்ற தறியின் உறுப்புகளில் இருக்கிறது. அடிக்கடி பழுதுபடும் மரபணுவை 1999-ஆம் ஆண்டில் கண்டார்கள். ஒரு பிரதி பழுதானாலே நோய் வரும். நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அந்தப் பழுது பெற்றோர் எவரிடமும் இல்லாமல் புதிதாகத் தோன்றுகிறது. எனவே உறவுக்குள் கல்யாணம் செய்ததனால்தான் இப்படி ஆயிற்று என்று மருமகளின்மேல் பழிபோடும் மாமியார்களுக்கு இந்நோய் இடம் கொடுப்பதில்லை. முதல் வயது வரையில் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றி வந்து, அதன்பின் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம் தொடங்கினால், ஐவரில் நால்வருக்குச் சிவப்பணு முளைக்கத் தொடங்கும். அதை மெல்ல மெல்லக் குறைத்து, இரத்தம் இறங்காத மட்டத்தில் நிறுத்துவதில் இருக்கிறது வைத்தியரின் சாமர்த்தியம். குறைக்காவிட்டால் ஏற்கெனவே குட்டையான குழந்தை மேலும் குட்டையாகிவிடும். முதல் முறை இரத்தம் ஏற்றுவதற்கு முன்னமே, ஒரு சிறு குழாய் இரத்தத்தைத் தனியே எடுத்து வைத்துவிடவேண்டும். இந்நோயில் சிவப்பணுவினுள் மிகுந்து காணும் ஒரு நொதியை அளக்க அது வேண்டியிருக்கும். அயலார் இரத்தம் கலந்தபின் அந்த அளவுக்கு அர்த்தமில்லை. ஒரு வயதைக் கடந்து, நன்றாக வளர்ந்துகொண்டிருந்த குழந்தை திடீரென இதேபோல் வெளிறினால், அதன் சிவப்பணு பருக்காமலும் இருந்தால், அது பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதத்தில் தானே தெளியும் வேறு விஷயம். அவசரப்பட்டுப் பிறவி நோய் என்று தீர்ப்புக் கூறிவிடக்கூடாது.

கையைப் பார்க்கிறபோது ஒரு நுணுக்கத்தையும் கவனிக்கவேண்டும். முன்கையில் கட்டைவிரல் பக்கத்து எலும்பு, அதாவது ஆரை எலும்பு, இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு. எலும்பும் இல்லை, கட்டைவிரலும் இல்லை அல்லது குறைபட்டிருக்கிறது என்றால் ஃபான்கோனி நோயை நினைக்கவேண்டும். எலும்பு இல்லாமலிருந்தும் கட்டைவிரல் மட்டும் தன் இடத்தில் இருந்தால், அது தட்டணு மட்டும் குறையும் வேறொரு பிறவி நோய். ஓரிரு வயதுக்குமேல் அதில் தட்டணு தானே ஏறிவரும், மஜ்ஜை மாற்று வேண்டுவதில்லை.

மிட்டாய் எடுத்த அந்தப் பெண் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். தகப்பனாரின் மஜ்ஜை அவளுடைய இரத்தத்தைத்தான் மாற்றியது. வாயின் தோலையும் தொண்டையின் தோலையும் மாற்றவில்லை. அவற்றிலுள்ள உயிரணுக்களுக்கு முள் பிடுங்க இன்றும் தெரியாது; அதனால் அந்த இடங்களில் புற்றுநோய் இளம் வயதிலேயே தோன்றக்கூடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் வைத்தியரிடம் போய் நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு வருகிறாள். புகையிலைப் புகை சூழ்ந்த இடத்தில் அவளை உட்காரவிடுவதில்லை. அவசியமில்லாத எக்ஸ்ரேயும் எடுப்பதில்லை. அண்ணனுடைய இரத்தம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கப்படுகிறது. இதுவரை அவனுக்கு மாற்று வேண்டியிருக்கவில்லை.

இங்கே வந்திருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் குழந்தைகளின் உயரத்தை அளந்து பதிவேட்டில் எழுதுகிறீர்கள். அப்படி எழுதும்போது, சென்ற ஆண்டு எழுதியதையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். ஐந்து வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையே ஒரு குழந்தை ஆண்டுக்கு ஐந்தாறு செண்டிமீட்டர் வளரவேண்டும்; நான்குகூட வளராதிருந்தால், அந்தக் குழந்தையின் பெயருக்கு நேரே ஒரு கோடிட்டு, தாயை அழைத்துச் சொல்லுங்கள். பென்சிலைக் கட்டைவிரலால் பிடிக்காத குழந்தையைத் திட்டுவதற்கு முன், அதன் கையை ஒரு நிமிஷம் வாங்கிப் பாருங்கள்.